பலகையில் எண்களை அழித்து எழுதும் புதிர்கள்: மாறாத அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

பலகையில் 1 முதல் 10 வரை எண்கள் இருக்கின்றன. ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு (அவை a, b என்று வைத்துக்கொள்வோம்), அவற்றுக்குப் பதிலாக a + b + ab என்ற ஒரே எண்ணை எழுத வேண்டும். இப்படியே ஒன்பது முறை செய்தால் கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சும். அது என்ன?

கணித ஒலிம்பியாடுக்குத் தயாராகும் எல்லாரும் இந்த வகைப் புதிரைச் சந்தித்தே ஆக வேண்டும். விடைப் பக்கத்தைப் புரட்டினால், "(1 + x) என்பவற்றின் பெருக்கற்பலன் மாறாது" என்று ஒரு வரி இருக்கும். படித்தால் புரியும். அந்த 1 + x எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் வெகுகாலம் தடுமாறியது அந்த இடத்தில்தான். மாறாத அளவை, அதாவது இன்வேரியன்டை, ஊகம் செய்யாமல் தேடிப் பிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

## 1. தொடங்கும் முன் என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும்

ஒரு தாள், பேனா, பத்தாம் வகுப்பு அளவுக்குக் காரணிப்படுத்தத் தெரிந்திருப்பது. இவ்வளவு போதும். கணினி கடைசியில் சரிபார்க்க மட்டும்தான்.

எல்லா வழிகளையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்காதீர்கள். பத்து எண்கள் இருந்தால் முதல் ஜோடியை 45 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்ததை 36 விதமாக, அதற்கடுத்ததை 28 விதமாக. கடைசிவரை பெருக்கினால் 257 கோடியே 19 லட்சத்து 12 ஆயிரம் வழிகள் வருகின்றன. பத்து எண்களுக்கே இந்தக் கணக்கு.

தேர்வில் நேரம் எப்படி என்றால், இந்தியக் கணித ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐ.ஓ.க்யூ.எம். தேர்வில் 3 மணி நேரத்துக்கு 30 கேள்விகள். ஒன்றுக்குச் சராசரியாக 6 நிமிடம், எழுத வேண்டியது விடை எண் மட்டும். அடுத்த கட்டமான ஆர்.எம்.ஓ.வில் அதே 3 மணி நேரத்துக்கு 6 கேள்விகள், ஆனால் முழு நிரூபணம் எழுத வேண்டும். கீழே உள்ள 2, 3 ஆகிய படிகளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டியதில்லை. பழகிவிட்டால் இன்னும் குறையும்.

## 2. கேள்வியில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதலாவது, எத்தனை எண்களை அழித்து எத்தனை எழுதுகிறோம். இரண்டை அழித்து ஒன்று எழுதினால் பலகை சுருங்கிக்கொண்டே வரும், ஆட்டம் கட்டாயம் முடியும். இரண்டை அழித்து இரண்டு எழுதினால் முடிவே கிடையாது. அங்கே கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, கேட்பது என்ன. "கடைசி எண் என்ன?" என்றால் எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விடைதான் என்று கேள்வியே குறிப்புக் கொடுக்கிறது. "கடைசியில் 0 வர முடியுமா?" என்றால் விடை வரிசையைப் பொறுத்து மாறலாம் என்று பொருள். இரண்டுக்கும் வழி வேறு.

மூன்றாவது, a, b இரண்டையும் இடம் மாற்றினால் அதே விடை வருகிறதா. a + b + ab இடம் மாறினாலும் அதேதான். a − 2b அப்படியில்லை.

## 3. மூன்று எண் சோதனை

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. விடைப் புத்தகங்களில் இதைக் காணவே முடிவதில்லை.

பலகையில் மூன்றே எண்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு, மூன்று வரிசைகளிலும் செய்து பாருங்கள். a + b + ab விதிக்கு 1, 2, 3 எடுத்தால்:

1, 2 சேர்ந்தால் 5. 5, 3 சேர்ந்தால் 23.
2, 3 சேர்ந்தால் 11. 11, 1 சேர்ந்தால் 23.
1, 3 சேர்ந்தால் 7. 7, 2 சேர்ந்தால் 23.

மூன்றிலும் 23. இப்போது எண்களுக்குப் பதிலாக a, b, c என்று எழுத்துகளைப் போட்டு ஒரு முறை விரித்துப் பாருங்கள். எந்த வரிசையிலும் a + b + c + ab + bc + ca + abc என்றே வரும். அதாவது இந்த விதிக்குப் பரிமாற்றுப் பண்பும் சேர்ப்புப் பண்பும் இரண்டும் உண்டு. இவை இரண்டும் இருந்தால், மூன்று எண்களுக்கு மட்டுமல்ல, நூறு எண்களுக்கும் வரிசை பொருட்டல்ல. கடைசி எண்ணை முழுவதுமாகத் தீர்மானிக்கும் ஒரு மாறாத அளவைத் தேடுவதில் இப்போது அர்த்தம் இருக்கிறது.

இதே சோதனையைச் சராசரிக்குச் செய்து பாருங்கள். a, b இரண்டையும் அழித்து (a + b)/2 எழுத வேண்டும். எண்கள் 1, 2, 3. முதலில் 1, 2 என்றால் 1.5, பிறகு 3 உடன் சேர்ந்து 2.25. முதலில் 2, 3 என்றால் 2.5, பிறகு 1.75. முதலில் 1, 3 என்றால் 2, பிறகும் 2. மூன்றும் வேறு வேறு. "சராசரிதானே, மொத்தச் சராசரி மாறாது" என்று பலர் சட்டென்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு எண் போன இடத்தில் ஒன்றுதான் வருகிறது என்பதால் அந்த இரண்டின் எடை பாதியாகிவிடுகிறது, அதனால் அது மாறத்தான் செய்யும்.

சோதனைக்கு எண் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. மேலே எளிமைக்காக 1, 2, 3 எடுத்தேன், ஆனால் பொதுவாக 0, 1, அல்லது ஒரே எண்ணை இரண்டு முறை எடுப்பதைத் தவிருங்கள். சில விதிகளில் இவை தனிப்பட்ட குணம் கொண்டவை, அதனால் தற்செயலாக ஒரே விடை வந்துவிடும். 2, 3, 5 பாதுகாப்பான தேர்வு. எழுத்துகளில் விரித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

## 4. விழுங்கும் எண்ணைத் தேடுங்கள்

சோதனையில் விதி தேறிவிட்டது. சரி, அந்த 1 + x எங்கிருந்து வருகிறது?

பலகையில் ஒரு குறிப்பிட்ட எண் இருந்தால், அதனுடன் எதைச் சேர்த்தாலும் திரும்ப அதே எண்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பெருக்கலில் 0 இப்படித்தான் நடந்துகொள்கிறது. இதை நான் விழுங்கும் எண் என்று சொல்வேன். நம் விதியில் அது எது? a + b + ab என்பதை a(1 + b) + b என்று எழுதுங்கள். a மறைய வேண்டும் என்றால் அதன் கெழு 1 + b பூச்சியமாக வேண்டும். ஆக b = −1. சரிபார்த்தால், a + (−1) + a(−1) = −1. பொருந்துகிறது.

பெருக்கலில் 0 செய்யும் வேலையை இங்கே −1 செய்கிறது. அப்படியானால் ஒவ்வொரு எண்ணையும் 0 இலிருந்து அளக்காமல் −1 இலிருந்து அளந்தால் விதி வெறும் பெருக்கலாகிவிட வேண்டும். அளந்து பாருங்கள்: (a + b + ab) + 1 = (a + 1)(b + 1). அவ்வளவுதான், மாறாத அளவு கையில் இருக்கிறது. பலகையிலுள்ள ஒவ்வொரு எண்ணுடனும் 1 கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது மாறவே மாறாது.

முதல் புதிரில் இது தொடக்கத்தில் 2 × 3 × … × 11 = 3,99,16,800. கடைசி எண்ணுடன் 1 கூட்டினாலும் இதுவே வர வேண்டும். எனவே விடை 3,99,16,799.

விதியில் ab என்ற உறுப்பு இல்லை என்றால் விழுங்கும் எண்ணைத் தேடிப் பயனில்லை, கூட்டல் வடிவத்துக்குப் போங்கள். a + b − 1 என்றால் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 1 கழித்துக் கூட்டினால் மாறாது. √(a² + b²) என்றால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. ab/(a + b) போல விதி பின்னமாக இருந்தால் முதலில் அதைத் தலைகீழாக்குங்கள்: (a + b)/ab = 1/a + 1/b. தலைகீழிகளின் கூட்டுத்தொகை மாறவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சில விதிகளுக்கு இரண்டு விழுங்கும் எண்கள் இருக்கும். (a + b)/(1 + ab) என்பதில் b = 1 போட்டால் 1 வரும், b = −1 போட்டால் −1 வரும். அப்போது இரண்டையும் சேர்த்து ஒரு விகிதமாக அளக்க வேண்டும். (1 − x)/(1 + x) என்பவற்றின் பெருக்கற்பலன் மாறாது. விரித்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## 5. ஒரு முழுக் கணக்கு

பலகையில் 49/1, 49/2, 49/3, … , 49/97 என்று 97 எண்கள். a, b இரண்டையும் அழித்து 2ab − a − b + 1 எழுத வேண்டும். 96 முறைக்குப் பின் மிஞ்சும் எண் என்ன?

49, 97 இரண்டும் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன என்று யோசிக்காதீர்கள், காரணம் தானாக வெளிவரும். 2, 3, 5 வைத்துச் சோதனை: 2, 3 சேர்ந்தால் 12 − 5 + 1 = 8. 8, 5 சேர்ந்தால் 80 − 13 + 1 = 68. மறுபக்கம் 3, 5 சேர்ந்தால் 30 − 8 + 1 = 23. 23, 2 சேர்ந்தால் 92 − 25 + 1 = 68. 2, 5 சேர்ந்தால் 14, பிறகு 3 உடன் 84 − 17 + 1 = 68. விதி தேறுகிறது.

விழுங்கும் எண்: a இன் கெழு 2b − 1. அது பூச்சியமானால் b = 1/2. எனவே 1/2 இலிருந்து அளக்க வேண்டும். பின்னம் வேண்டாம் என்றால் இரண்டால் பெருக்கி 2x − 1 என்று வைத்துக்கொள்ளலாம். 2(2ab − a − b + 1) − 1 = 4ab − 2a − 2b + 1 = (2a − 1)(2b − 1). பொருந்திவிட்டது.

இனித் தொடக்க மதிப்பு. x = 49/k என்றால் 2x − 1 = (98 − k)/k. k = 1 க்கு 97/1, k = 2 க்கு 96/2, இப்படியே போய் k = 97 க்கு 1/97. எல்லாவற்றையும் பெருக்கினால் தொகுதியில் 97 முதல் 1 வரை, பகுதியில் 1 முதல் 97 வரை. பெருக்கற்பலன் 1. கடைசி எண் x க்கு 2x − 1 = 1, ஆக x = 1.

97 உடன் நிறுத்தியதற்கும் காரணம் இருக்கிறது. 49/98 என்ற எண்ணையும் சேர்த்திருந்தால் அது 1/2, அதாவது விழுங்கும் எண். அது பலகையில் இருந்தாலே மற்ற எண்கள் எதுவாக இருந்தாலும் விடை 1/2 தான். ஆகையால் எந்தக் கணக்கிலும் விழுங்கும் எண் ஏற்கெனவே பட்டியலில் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நீண்ட பெருக்கல் எதுவும் வேண்டாம், அரை நிமிடத்தில் விடை.

விடையைச் சிறிய அளவில் சரிபார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதே கணக்கின் சின்ன வடிவம் 2/1, 2/2, 2/3. முதலில் 2, 2/3 இரண்டையும் சேர்த்தால் 8/3 − 8/3 + 1 = 1. பிறகு 1, 1 சேர்ந்தால் 2 − 2 + 1 = 1. சரியாக இருக்கிறது.

## 6. சோதனையில் விதி தேறாவிட்டால்

பலகையில் 1 முதல் 10 வரை. இரண்டு எண்களை அழித்து அவற்றின் வித்தியாசத்தை, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, எழுத வேண்டும். கடைசியில் என்னென்ன எண்கள் வரலாம்?

1, 2, 4 வைத்துச் சோதித்தால் ஒரு வரிசையில் 3, மற்ற இரண்டில் 1. விதி தேறவில்லை. கடைசி எண்ணை ஒரே மதிப்பாகக் கட்டிப்போடும் அளவு இங்கே கிடையாது. அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆனால் 3, 1 இரண்டுமே ஒற்றை எண்கள் என்பதைக் கவனியுங்கள். சோதனையில் கிடைத்த வெவ்வேறு விடைகளுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. பெரும்பாலும் அது 2, 3, 9 போன்ற ஏதோ ஒரு எண்ணால் வகுத்தால் வரும் மீதியாக இருக்கும்.

இங்கே காரணம் எளிது. a, b இல் சிறியது b என்றால் கூட்டுத்தொகையில் a + b போய் a − b வருகிறது. 2b குறைகிறது. எனவே மொத்தக் கூட்டுத்தொகை ஒற்றையாக இருந்தால் எப்போதும் ஒற்றைதான். 1 முதல் 10 வரை கூட்டினால் 55. ஆகவே கடைசி எண் ஒற்றை. 0 வராது.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒற்றை எண்தான் வரும் என்று காட்டிவிட்டு, "எனவே 1, 3, 5, 7, 9 எல்லாம் வரும்" என்று எழுதிவிடுவார்கள். மாறாத அளவு எது வராது என்பதை மட்டுமே சொல்லும். எது வரும் என்பதைச் செய்துதான் காட்ட வேண்டும். அந்த வேலை தனி, அதற்கான மதிப்பெண்ணும் தனி.

செய்து காட்டுவோம். 1 வேண்டுமா? (1, 2), (3, 4), (5, 6), (7, 8), (9, 10) என்று ஜோடி சேர்த்தால் ஐந்து 1 கள். நான்கை ஜோடியாக்கினால் பூச்சியங்கள், மிஞ்சுவது 1. மற்றவற்றுக்கு, 10 உடன் ஓர் ஒற்றை எண்ணைச் சேருங்கள். 10, 1 என்றால் 9. 10, 3 என்றால் 7. 10, 5 என்றால் 5. 10, 7 என்றால் 3. மீதமுள்ள எட்டு எண்களை ஒவ்வொரு முறையும் அடுத்தடுத்த எண்களாக ஜோடி சேர்க்க முடிகிறது. உதாரணமாக 10, 3 போன பிறகு (1, 2), (4, 5), (6, 7), (8, 9). நான்கு 1 கள் பூச்சியமாகிவிடும். பலகையின் மிகப் பெரிய எண் எந்த நகர்விலும் வளராது என்பதால் 11 வர வழியில்லை. ஆக விடை 1, 3, 5, 7, 9, இவை மட்டுமே.

இரண்டை அழித்து இரண்டு எழுதும் புதிர்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 3, 4, 12 என்று தொடங்கி, a, b க்குப் பதில் 0.6a − 0.8b, 0.8a + 0.6b எழுதினால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மாறாமல் 169 ஆகவே இருக்கும். 4, 6, 12 க்கு அது 196. எனவே அங்கே போய்ச் சேர முடியாது, கேள்வி முடிந்தது. ஆனால் 169 வரும் வேறொரு மூன்று எண்களைக் கொடுத்துப் போக முடியுமா என்று கேட்டால், இந்த அளவு மட்டும் பதில் சொல்லாது.

## 7. விடைத்தாளில் என்ன இருக்க வேண்டும்

நிரூபணம் கேட்கும் தேர்வில் நான்கு வரிகள் விடுபடக் கூடாது. மாறாத அளவு எது என்று தெளிவாக ஒரு வாக்கியம். ஒரு நகர்வில் அது மாறாது என்பதற்கான இயற்கணித வரி. தொடக்கத்தில் அதன் மதிப்பு. கடைசி எண்ணுக்கு அதே மதிப்பைப் போட்டுத் தீர்த்த வரி. அந்த அளவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை எழுதத் தேவையில்லை. விழுங்கும் எண், மூன்று எண் சோதனை எல்லாம் கரட்டுத் தாளோடு போகட்டும்.

விதியில் பகுதி பூச்சியமாக வாய்ப்பிருந்தால் அது நடக்காது என்று ஒரு வரி சேருங்கள். (a + b)/(1 + ab) க்கு எண்கள் எல்லாம் நேர்மமாக இருந்தால் புதிய எண்ணும் நேர்மம், எனவே 1 + ab பூச்சியமாகாது என்று சொன்னால் போதும். இந்த ஒரு வரிக்காக மதிப்பெண் குறைவது வீண் இழப்பு.

## 8. வீட்டில் சரிபார்க்க

பைத்தான் தெரிந்தால் ஐந்தாவது படியில் பார்த்த கணக்கை இப்படி ஓட்டிப் பாருங்கள். ஜோடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறது. ஐந்து முறையும் 1 தான் வரும்.

```python
from fractions import Fraction as F
import random

def op(a, b):
    return 2*a*b - a - b + 1

for _ in range(5):
    board = [F(49, k) for k in range(1, 98)]
    while len(board) > 1:
        random.shuffle(board)
        a, b = board.pop(), board.pop()
        board.append(op(a, b))
    print(board[0])
```

`Fraction` இல்லாமல் தசம எண்களில் ஓட்டாதீர்கள். இடையில் எண்கள் மிகப் பெரிதாகலாம், அப்போது தசமப் பிழை சேர்ந்து, மாறாத அளவே மாறுவது போலத் தெரியும். புதிய புதிருக்கு `op` வரியையும் `board` வரியையும் மாற்றினால் போதும். ஓடவிடும்போது விடை மாறி மாறி வந்தால் ஆறாவது படிக்குப் போங்கள்.

## 9. கையைப் பழக்க நான்கு கணக்குகள்

பலகையில் 1 முதல் 20 வரை, விதி a + b − 1. விடை 191.

1, 1/2, 1/3, … , 1/10, விதி ab/(a + b). விடை 1/55.

1/2, 1/3, … , 1/10, விதி (a + b)/(1 + ab). விடை 27/28. இதில் (1 − x)/(1 + x) என்பது x = 1/k க்கு (k − 1)/(k + 1) ஆகும். அடுத்தடுத்த பின்னங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு 2/110 மிஞ்சும்.

நான்காவது, 1 முதல் 11 வரை, விதி வித்தியாசம். கூட்டுத்தொகை 66 என்பதால் இரட்டை எண்கள் மட்டுமே வரலாம். 0, 2, 4, 6, 8, 10 ஆகிய ஆறுமே கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் செய்துகாட்ட வேண்டும். 10 எளிது. 11, 1 இரண்டையும் முதலில் சேர்த்துவிட்டு மற்ற ஒன்பதையும் பூச்சியமாக்குங்கள். 6, 4 இரண்டுக்கும்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 6 க்கு 11, 5 இரண்டையும் முதலில் சேர்த்து, மிச்சத்தில் 1, 2, 3, 6 நான்கும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்படி செய்தால், 4, 7, 8, 9, 10 மட்டும் பாக்கி இருக்கும்.